அடுத்தவர் ஆர்டர் நம் திரையில் வந்தால்

2011 மே மாதம், அமெரிக்காவின் சிட்டி வங்கியில் வழக்கமான கண்காணிப்பின்போது ஒரு திருட்டு தெரியவந்தது. கிரெடிட் கார்டு வாடிக்கையாளர்களுக்கான இணையதளத்திலிருந்து சுமார் 3,60,000 பேருடைய பெயர், கணக்கு எண், மின்னஞ்சல் முகவரி போன்ற விவரங்களை யாரோ அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அப்போது வெளிவந்த செய்திகளின்படி, அவர்கள் கையாண்ட வழி பள்ளிப் பிள்ளைக்கும் புரியக்கூடியது. ஒரு வாடிக்கையாளராக லாகின் செய்து உள்ளே போனார்கள். பிரவுசரின் முகவரிப் பட்டையில் அந்த வாடிக்கையாளரின் கணக்கைக் குறிக்கும் எண் இருந்தது. அதை அழித்துவிட்டு வேறோர் எண்ணைப் போட்டார்கள். வேறொருவரின் கணக்கு திறந்தது. பிறகு அதே வேலையை ஒரு சிறு நிரலிடம் ஒப்படைத்து, ஆயிரக்கணக்கான முறை ஓடவிட்டார்கள்.

இது பழங்கதை அல்ல. இணையப் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பு அவ்வப்போது பத்துப் பெரிய ஆபத்துகளைப் பட்டியலிடும். யாருக்கு எதைக் காட்டலாம் என்ற கட்டுப்பாடு உடைந்துபோவது 2017 பட்டியலில் ஐந்தாம் இடத்தில் இருந்தது. 2021ல் முதலிடத்துக்கு வந்துவிட்டது. மொபைல் செயலிகள் பின்னால் சர்வரோடு பேசும் ஏபிஐகளுக்கென்று அதே அமைப்பு தனிப் பட்டியல் போடுகிறது. அதில் 2019, 2023 இரண்டு முறையும் முதலிடம் பிடித்தது சிட்டி வங்கியில் நடந்த இதே வகை ஓட்டைதான்.

ஆன்லைன் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீங்கள் வாங்கிய பொருளைப் பார்க்கச் சொடுக்கும்போது, உங்கள் பிரவுசர் கடையின் சர்வரிடம் "ஆர்டர் 48213ஐக் கொடு" என்று கேட்கிறது. சர்வர் அப்போது இரண்டு விஷயங்களை உறுதி செய்தாக வேண்டும். கேட்பவர் யார் என்பது ஒன்று. கேட்கும் பொருள் அவருடையதுதானா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பாஸ்வேர்டு, ஓடிபி என்று ஏகப்பட்ட காவல். இரண்டாவதைக் கேட்கவே பலர் மறந்துவிடுகிறார்கள். சலவைக் கடையில் "பில் நம்பர் 217" என்று சொன்னதுமே, அது யார் துணி என்று பார்க்காமல் மூட்டையை எடுத்து நீட்டும் பையனைப் போல, சர்வரும் நீட்டிவிடுகிறது.

நிரலில் இந்த வித்தியாசம் சில சொற்கள்தான். முதலில் ஓட்டை உள்ளது, அடுத்து சரியானது:

```sql
SELECT * FROM orders WHERE id = 48217;

SELECT * FROM orders WHERE id = 48217 AND customer_id = 71;
```

இங்கே 71 என்பது லாகின் செய்திருப்பவரின் வாடிக்கையாளர் எண். அதை சர்வர் தன்னிடமுள்ள செஷன் பதிவிலிருந்து தானே எடுத்துக்கொள்ள வேண்டும். பிரவுசர் அனுப்பிய 71ஐ நம்பினால் பயனில்லை. ஆர்டர் எண்ணை மாற்றத் தெரிந்தவனுக்கு இதை மாற்றத் தெரியாதா?

இவ்வளவு சின்ன விஷயம் எப்படித் தப்புகிறது என்று கேட்கத் தோன்றும். 'என் ஆர்டர்கள்' பக்கத்தில் உங்களுடைய ஆர்டர்கள் மட்டுமே பட்டியலாக வருகின்றன. அவற்றில் ஒன்றைத் தொட்டால் உங்கள் ஆர்டர்தான் திறக்கிறது. எழுதிய டெவலப்பரும் அப்படித்தான் தொட்டுப் பார்த்தார். சோதித்தவரும் அப்படித்தான் பார்த்தார். எல்லோரும் தன் வாசலில் மட்டும் நின்று பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும்.

ஓட்டை தேடும் தானியங்கி ஸ்கேனர்களும் இங்கே திணறுகின்றன. அடுத்தவர் ஆர்டரைக் காட்டும் பக்கத்தில் பிழை எதுவும் இருக்காது. அழகான பக்கம், சரியான விவரங்கள், 200 என்ற 'எல்லாம் நலம்' குறி. 48217 யாருக்குச் சொந்தம் என்று ஸ்கேனருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆகவே இந்தச் சோதனையில் ஆள் உட்கார்ந்து யோசித்தே ஆகவேண்டிய பகுதி ஒன்று உண்டு.

ஒரு கற்பனைப் புடவைக் கடையின் தளத்தைச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். விற்பனை நடக்கும் தளத்தில் கை வைக்காமல், அதன் நகலாக உள்ள சோதனைத் தளத்தில்தான் வேலை. முதல் தேவை இரண்டு கணக்குகள்: கயல், மாறன். இருவரும் சாதாரண வாடிக்கையாளர்கள். ஒருவருக்கு உள்ள அதிகாரம்தான் மற்றவருக்கும். ஆளுக்கொரு புடவை ஆர்டர் செய்கிறோம். கயலின் ஆர்டர் 48213, மாறனுடையது 48217.

மாறனின் முகவரியில் வேறெங்கும் வர வாய்ப்பில்லாத ஒரு சொல்லைப் போட்டுவைப்பது பழக்கப்பட்ட டெஸ்டரின் தந்திரம். MADHULAI77 என்று வைத்துக்கொள்வோம். கயலின் கணக்கில் வரும் எந்தப் பதிலிலாவது இந்தச் சொல் தலைகாட்டினால், மாறனின் விவரம் கசிகிறது என்று பொருள். தமிழிலேயே 'மாதுளை' என்று எழுதக்கூடாதா என்றால், எழுதலாம். ஆனால் பல சர்வர்கள் தமிழ் எழுத்துகளை `\u0bae` போன்ற குறிகளாக மாற்றி அனுப்பும். தேடும் நிரல் அந்தக் குறிகளில் மாதுளையைக் கண்டுகொள்ளாமல் "கசிவு இல்லை" என்று சொல்லிவிடும். பதிலைப் பிரித்துப் படித்த பிறகு தேடினால் பிரச்சினை இல்லை. அப்படியே தேடுபவர்களுக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும்தான் பாதுகாப்பு.

அடுத்து, ஆர்டர் எண் எங்கெல்லாம் பயணிக்கிறது என்று பார்க்க வேண்டும். பிரவுசரில் F12 விசையை அழுத்தி, Network பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, மாறனாக எல்லாவற்றையும் ஒரு முறை செய்கிறோம். ஆர்டரைத் திறப்பது, இன்வாய்ஸை இறக்குவது, பார்சல் எங்கே வருகிறது என்று பார்ப்பது, முகவரி மாற்றுவது, ரத்து செய்வது, திருப்பி அனுப்பக் கேட்பது, "இதையே மறுபடியும் வாங்கு" என்பது. ஒவ்வொரு தொடுதலும் சர்வருக்கு ஒரு தனி வேண்டுகோள். ஒவ்வொன்றும் ஒரு தனிக் கதவு. பல கடைகளில் ஆர்டர் பக்கம் பத்திரமாகப் பூட்டியிருக்கும், இன்வாய்ஸ் பிடிஎஃப் திறந்து கிடக்கும். பிடிஎஃப் தயாரிக்கும் பகுதியை வேறொருவர், வேறொரு சமயத்தில் எழுதியிருப்பார் என்பதுதான் பெரும்பாலும் காரணம். பெயர், முகவரி, போன் எண், வாங்கிய பொருள் என்று எல்லாம் ஒரே தாளில் இருப்பதும் அந்த இன்வாய்ஸில்தான். மொபைல் செயலியையும் விடக்கூடாது. இணையதளத்தைச் சரிசெய்துவிட்டு, பழைய செயலி இன்னும் பேசிக்கொண்டிருக்கும் பழைய ஏபிஐயை மறந்துபோவது அடிக்கடி நடக்கிறது.

இப்போது சோதனை. மாறன் அனுப்பிய ஒவ்வொரு வேண்டுகோளையும் அப்படியே எடுத்து, அதிலுள்ள செஷன் குக்கீயை மட்டும் கயலுடையதாக மாற்றி மறுபடி அனுப்புகிறோம். பர்ப் சூட், ஸாப் போன்ற கருவிகளில் இது ஓரிரு சொடுக்கு. கேள்வி மாறனுடைய கேள்வி, கேட்பவர் கயல். சர்வர் மறுக்க வேண்டும்.

மறுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்காகத் தேறிவிட்டது என்று எழுதிவிடலாமா? இந்த இடத்தில்தான் பல சோதனைகள் பொய்யாகத் தேறுகின்றன. கயலின் செஷன் பத்து நிமிடத்துக்கு முன்பே காலாவதியாகியிருக்கலாம். அப்போது சர்வர் "நீ யாரென்றே தெரியவில்லை" என்று 401 சொல்லும். அதைப் பாதுகாப்பு என்று எண்ணி மகிழ்ந்தால் ஏமாந்தோம். மாறனின் ஆர்டர் எண்ணைத் தட்டும்போது ஓர் இலக்கம் தவறியிருக்கலாம். இல்லாத ஆர்டருக்கு 404 வருவது இயல்பு. எனவே ஒவ்வொரு மறுப்புக்கும் துணையாக இரண்டு வேண்டுகோள்கள் வெற்றி பெற்றாக வேண்டும். அதே நேரத்தில், அதே செஷனில் கயல் தன் 48213ஐக் கேட்டால் கிடைக்க வேண்டும். மாறன் தன் 48217ஐக் கேட்டால் அவருக்கும் கிடைக்க வேண்டும். இந்த இரண்டும் கிடைத்து, கயலுக்கு 48217 மட்டும் மறுக்கப்பட்டால்தான் அது நிஜமான மறுப்பு. சோதனை அறிக்கை ஒன்றைக் கையில் வாங்கினால், நான் முதலில் தேடுவது இந்த இரண்டு வரிகளைத்தான். அவை இல்லாவிட்டால் மீதியை நம்ப மனம் வருவதில்லை.

வரும் பதிலின் குறியை மட்டும் பார்த்தும் தீர்ப்புச் சொல்ல முடியாது. 200 என்று சொல்லி உள்ளே "அனுமதி இல்லை" என்று எழுதும் தளங்கள் உண்டு. அதில் குற்றமில்லை, கொஞ்சம் அசிங்கம், அவ்வளவுதான். ஆபத்து மறுபக்கம் இருக்கிறது: 403 என்று மறுத்துவிட்டு, பிழைச் செய்திக்குள் "மாறன் அவர்களின் ஆர்டரைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை" என்று பெயரைப் போட்டுக் கொடுக்கும் தளங்கள். ஆகவே பதில் முழுவதையும் படிக்க வேண்டும். MADHULAI77ஐத் தேட வேண்டும். பிடிஎஃப் கோப்புகளில் எழுத்து சுருக்கப்பட்டு இருப்பதால், வெறுமனே தேடினால் அகப்படாது. திறந்து கண்ணால் பார்ப்பதே நல்லது.

மறுக்கும்போது 403 சொல்வதா, 404 சொல்வதா என்று டெவலப்பர்கள் நெடுநேரம் வாதாடுவார்கள். 'இருக்கிறது, உனக்கில்லை' என்பது 403. 'அப்படி ஒன்று இல்லை' என்பது 404. ஆர்டர் விஷயத்தில் என் ஓட்டு 404க்கு. ஆனால் உண்மையிலேயே இல்லாத ஆர்டருக்கு வரும் 404க்கும் இதற்கும் ஒரு எழுத்துகூட வேறுபாடு இருக்கக்கூடாது.

பார்ப்பதைவிடச் செய்வது பெரிய வினை. கயல் மாறனின் ஆர்டரை ரத்து செய்யும் வேண்டுகோளை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் பிழைச் செய்தி வருகிறது. டெஸ்டர் நிம்மதியாக அடுத்த வரிக்குப் போய்விடக்கூடாது. மாறனாக லாகின் செய்து ஆர்டரின் நிலையைப் பார்க்க வேண்டும். சில நிரல்களில் ரத்து முதலில் நடந்துவிடும். அதன்பின் ரத்தான ஆர்டரின் விவரத்தைக் காட்டப்போகும்போதுதான் அனுமதிக் கேள்வி எழும். மறுப்பு வந்தது உண்மை, ரத்தானதும் உண்மை. மாறன் புடவைக்காகக் காத்துக்கொண்டிருப்பார். கேட்டவருக்கு என்ன பதில் போனது என்பது பாதிச் சேதி. சொந்தக்காரர் பக்கத்தில் என்ன மாறியது என்பதுதான் மீதி.

பார்த்தால் பத்திரமாகத் தெரிந்து, உள்ளே ஓட்டையாக இருக்கும் இன்னொரு வடிவத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முகவரி இப்படி இருக்கிறது:

```
/api/customers/71/orders/48213
```

கயலின் எண் 71, மாறனின் எண் 85. கயல் 71ஐ 85 ஆக மாற்றிப் பார்க்கிறார், சர்வர் மறுக்கிறது. பெரும்பாலோர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 71ஐ அப்படியே விட்டுவிட்டு, கடைசியில் உள்ளதை மட்டும் 48217 ஆக்கினால்? 71 கயல்தானா என்று சர்வர் கவனமாகச் சரிபார்த்துவிட்டு, 48217 அந்த 71க்குச் சொந்தமா என்று கேட்காமலே எடுத்துத் தரும் தளங்கள் இருக்கின்றன. ஒரு வேண்டுகோளில் இரண்டு எண்கள் இருந்தால், தனித்தனியாகவும் மாற்ற வேண்டும், சேர்த்தும் மாற்ற வேண்டும். எண் முகவரிப் பட்டையில்தான் இருக்கும் என்றும் இல்லை. அனுப்பும் படிவத்துக்குள் ஒளிந்திருக்கும். `NDgyMTc=` என்று மந்திரம்போல் தோன்றும். அது ரகசியக் குறியீடு அல்ல, பேஸ்64 முறையில் எழுதிய 48217தான். எவரும் நொடியில் பிரித்துவிடலாம்.

"வரிசை எண்ணை விட்டுவிட்டு, ஊகிக்கவே முடியாத நீண்ட எண் வைத்துவிட்டோம்" என்று சில நிறுவனங்கள் சொல்லும். யுயுஐடி எனப்படும் அந்த அடையாளத்தின் நான்காம் வகையில் 122 பிட் தற்செயல் எண். ஒன்று ஒன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க ஆயுள் போதாது. வரிசை எண்ணைக் கைவிடுவதில் நன்மையும் இருக்கிறது. போட்டிக் கடைக்காரர் காலையில் ஓர் ஆர்டர், மாலையில் ஓர் ஆர்டர் போட்டு, எண்களைக் கழித்து உங்கள் அன்றாட வியாபாரத்தைத் தெரிந்துகொள்ள முடியாது. ஆனால் ஊகிக்க முடியாதது வேறு, வெளியே தெரியாதது வேறு. அந்த நீண்ட எண் மின்னஞ்சலில் போகிறது, வாட்ஸ்அப்பில் பகிரப்படுகிறது, வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கிறது. கையில் கிடைத்தவனுக்கு சர்வர் திறந்துவிடுமா என்பதே கேள்வி. எனவே டெஸ்டர் எண்ணை ஊகிக்க முயல்வதில்லை. மாறனின் எண்ணை மாறனிடமிருந்தே எடுத்துக் கயலிடம் கொடுத்துவிட்டுத்தான் சோதிக்கிறார்.

பார்சல் எங்கே இருக்கிறது என்று எஸ்எம்எஸ்ஸில் வரும் இணைப்பு மட்டும் விதிவிலக்கு. லாகின் கேட்காமல் திறப்பது அதன் நோக்கமே. வீட்டில் வேறொருவர் பார்க்கட்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். அங்கே சோதிக்க வேண்டியது, பக்கத்தில் எவ்வளவு தெரிகிறது என்பதை. பார்சல் எந்த ஊருக்கு வந்திருக்கிறது என்பது போதும். வீட்டு எண்ணும் போன் எண்ணும் எதற்கு? இதேபோல, அந்தப் புடவையை நெய்து விற்கும் விற்பனையாளர் ஆர்டரைப் பார்க்கத்தான் வேண்டும், பக்கத்து விற்பனையாளர் பார்க்கக்கூடாது. வாடிக்கையாளர் சேவை ஊழியர் பார்க்கலாம், கார்டு விவரத்தைப் பார்க்கக்கூடாது. யார், எதை, எவ்வளவு என்று கடை நடத்துபவர்கள் முதலில் எழுதித் தந்தால்தான் சோதிப்பவர் எதை மீறல் என்று சொல்ல முடியும். அந்தத் தாள் இல்லாமல் கருவியை ஓடவிட்டால், எல்லோருக்கும் பொதுவான பொருள் பட்டியலைக்கூட அது கசிவு என்று குறித்துக் கொட்டும்.

ஒரு தடவை சோதித்து முடித்தால் தீராது. அடுத்த மாதம் 'பரிசாக அனுப்பு' என்று ஒரு வசதி சேரும். அதோடு ஒரு புதுக் கதவும் சேரும். அதனால் நல்ல குழுக்கள் இதை நிரலாகவே எழுதி, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தானாக ஓடும்படி வைத்துவிடுகிறார்கள்:

```python
assert kayal.get("/api/orders/48213").status_code == 200
assert maran.get("/api/orders/48217").status_code == 200
r = kayal.get("/api/orders/48217")
assert r.status_code == 404
assert "MADHULAI77" not in r.text
```

முதல் இரண்டு வரிகள் எதற்கு என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

படிக்கும்போதே நமக்கும் ஓர் எண்ணை மாற்றிப் பார்க்கக் கை ஊறலாம். வேண்டாம். அனுமதியின்றி அடுத்தவர் கணினி அமைப்பில் நுழைவதை இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000ன் 43, 66ஆம் பிரிவுகள் தொடுகின்றன. "எண்ணை மட்டும்தான் மாற்றினேன்" என்பது கைகொடுக்கும் என்று நம்பி இறங்கக் கூடாது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 2018ல் ஒரு 19 வயது இளைஞர், அரசின் தகவல் அறியும் உரிமைத் தளத்தில் முகவரியின் கடைசி எண்ணை மாற்றி மாற்றி சுமார் 7,000 கோப்புகளை இறக்கினார். அவற்றில் சில நூறு கோப்புகளில் தனிநபர் விவரங்கள் இருந்தன. போலீஸ் வீட்டுக்கே வந்து சோதனையிட்டது. குற்றம் சாட்டப் போவதில்லை என்று அடுத்த மாதம் போலீஸ் அறிவித்தது. ஆனால் இடைப்பட்ட நாட்களை அந்தக் குடும்பம்தான் கடந்தது. நீங்கள் எதுவும் செய்யாமலே அடுத்தவர் ஆர்டர் திரையில் வந்தால், அதோடு நிறுத்திவிட்டு நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் செவிசாய்க்காவிட்டால், இப்படிப்பட்ட புகார்களை வாங்கிக்கொள்ள இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு இருக்கிறது.

நிறுவனங்களுக்கும் இப்போது பயப்படக் காரணம் உண்டு. தனிநபர் தரவுகளைக் காக்கத் தகுந்த ஏற்பாடு செய்யாதவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க, 2023ல் இந்தியா இயற்றிய மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது.

ஆனால் சோதித்துக் கண்டுபிடித்தாலே போதும் என்று யாராவது சொன்னால், ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கதையைத்தான் சொல்ல வேண்டும். வீடு, மனை வாங்குபவர்களின் பத்திரங்களைக் கையாளும் நிறுவனம் அது. அதன் தளத்தில் ஓர் ஆவணத்தின் இணைப்பிலுள்ள எண்ணை மாற்றினால் அடுத்தவர் ஆவணம் வந்தது, லாகின்கூடத் தேவைப்படவில்லை. 2003ஆம் ஆண்டு வரை பின்னோக்கிச் செல்லும் சுமார் 88.5 கோடிக் கோப்புகள் இப்படித் திறந்து கிடப்பதாக 2019 மே 24 அன்று பிரையன் கிரெப்ஸ் என்ற பத்திரிகையாளர் எழுதினார். வங்கிக் கணக்கு எண்களும் சமூகப் பாதுகாப்பு எண்களும் அவற்றில் இருந்தன. நிறுவனம் அன்றே அறிக்கை விட்டு, வழியை அடைத்தது.

பிறகுதான் தெரிந்தது, அந்த ஓட்டையை நிறுவனத்தின் சொந்தப் பாதுகாப்புக் குழுவே சோதித்துக் கண்டுபிடித்து, 2019 ஜனவரியிலேயே அறிக்கையும் எழுதியிருந்தது. அதற்கு அவசரமில்லாத ஆபத்து என்ற முத்திரை விழுந்ததால், சரிசெய்வோரின் வரிசையில் அது பின்னால் போய்விட்டது. மே மாதம் பங்குச் சந்தைக்கும் பத்திரிகைகளுக்கும் விளக்கம் கொடுத்த உயரதிகாரிகளுக்கு, தங்கள் ஆட்களுக்கு இது ஐந்து மாதங்களாகத் தெரியும் என்ற சேதியே போய்ச் சேரவில்லை. 2021 ஜூனில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 4,87,616 டாலர் அபராதம் விதித்தது, அந்தச் சேதி மேலே போய்ச் சேர வழி வைக்காததற்காக.